வேலைக்குச் சேரும் கடதாசிகளும் என் பெயரின் முதல் எழுத்தும்

வவுனியாவில் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது என்னிடம் ஒரு கட்டுப் படிவம் தந்தார்கள். எது எதற்கு என்று அங்கிருந்த நிர்வாக அக்கா பொறுமையாகச் சொல்லித் தந்தார். ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கமிருந்து இனிப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அடையாள அட்டைப் பிரதியை வாங்கியதும் அவர் இலக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். படிவத்தில் எழுதிய பிறந்த திகதி இதோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும். கிராம அலுவலர் சான்றிதழ் வேறு விஷயத்துக்கு. இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்பதையும் நடத்தையையும் அது சொல்கிறது. பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் தூரம், பஸ்ஸும் குறைவு. ஆகவே அலுவலர் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மினக்கெட்டது வங்கி விபரத்தில்தான். படிவம் கேட்பது கொஞ்சம்தான்: வங்கி, கிளை, கணக்கிலக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி. என் பிரதியைப் பார்த்ததும் அக்கா நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, ஐசியில உங்கட பேர் ரி எச் எண்டு தொடங்குது, புத்தகத்தில டி எச் எண்டு கிடக்கு. அதோட இது சின்னப் பிள்ளைக் கணக்கு. இதுக்குச் சம்பளம் போடேலாது."

பள்ளிக்கூடக் காலத்தில் அம்மா திறந்த கணக்கு அது. பதினெட்டு வயதானதும் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்ற வேண்டும். பெயர்ச் சிக்கல் எங்களில் நிறையப் பேருக்கு உண்டு. தமிழில் 'த' ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதுகிறவர் எந்த எழுத்தைப் போடுகிறாரோ அதுதான் பெயர் என்றாகிவிடுகிறது. போரில் ஆவணங்களைத் தொலைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்த குடும்பங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பது சாதாரணம்.

வங்கியில் பிறப்புச் சான்றிதழையும் சத்தியக்கடதாசியையும் கேட்டார்கள். இரண்டு பெயராலும் குறிக்கப்படுபவர் ஒருவரே என்று எழுதி, சமாதான நீதவான் முன் கையொப்பமிட்டேன். கணக்கு மாறி, அடையாள அட்டையில் உள்ளபடியே பெயருடன் புதுப் புத்தகம் கிடைத்தது. சத்தியக்கடதாசியில் ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒரு எழுத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்பது ஊழியர் சேமலாப நிதிப் படிவத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது. பயிற்சியாளர் என்றாலும் ஊதியம் வாங்கினால் அந்தச் சட்டம் நம்மையும் ஊழியராகத்தான் கணக்கெடுக்கிறது. 30,000 ரூபா கொடுப்பனவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் 8 வீதம், அதாவது 2,400 ரூபா கழிப்பார்கள். நிறுவனம் தன் பங்காக 12 வீதம், 3,600 ரூபா போடும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900 ரூபா வேறாகப் போகும், அதுவும் நிறுவனத்தின் காசு. கையில் வருவது 27,600. மீதி நம் பெயரில் சேர்கிறது, ஆனால் சேமலாப நிதியைப் பல வருடம் கழித்துத்தான் எடுப்போம். அப்போது பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பொருந்தாவிட்டால், இன்றைக்கு இருக்கும் நிறுவனமே மூடிப்போயிருக்கலாம், திருத்தக் கடிதம் தர ஆள் இருக்காது. அதே படிவத்தில், நமக்குப் பிறகு அந்தக் காசைப் பெறுபவரைக் குறிக்கும் பின்னுரித்தாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை, அவருடைய அடையாள அட்டையைப் பார்த்து எழுதினேன்.

வரிக்கான வெளிப்படுத்தல் சின்னது. இதுதான் என் பிரதான தொழில் என்று கையொப்பமிட வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 1,50,000 ரூபா வரை சம்பளத்தில் வரி கழிப்பதில்லை, அந்தச் சலுகை ஒரு இடத்தில்தான் கிடைக்கும். வேறு எங்காவது பகுதிநேரமாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு இடத்திலும் இதைக் கொடுக்கக் கூடாது.

கடைசியாக இரகசியம் பேணும் உறுதிமொழி. நிறுவனத்தின் தரவு எதையும் வெளியே கொடுக்கமாட்டேன் என்று இருந்தது. ஆனால் பயிற்சி அறிக்கையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டும் முட்டுமே என்று கேட்டேன். வாடிக்கையாளர் பெயர்களும் தொகைகளும் இல்லாமல், மேற்பார்வையாளர் பார்த்து ஒப்பமிட்ட அறிக்கையைக் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துத் தந்தார்கள். அதன் பிறகுதான் கையொப்பமிட்டேன்.