ஜோடி போட்டுக்கோங்கடா

இன்னைக்குக் காலை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு மைதானம். பசங்களுக்குக் கால்பந்துப் பயிற்சி. "ஜோடி போட்டுக்கோங்கடா" என்றார் கோச். மொத்தம் 15 பேர், ஒருத்தன் மிச்சம்.

குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

போன வாரமும் இவனேதானாம்.

அடிதடி என்றால்தான் பல கிளப் மேனேஜர்களுக்கு அது புகார். ஒதுக்குவதில் காயம் தெரியாதே. பாஸ் வராது, வாட்ஸப் குரூப்பில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

புகார் போனாலும் எல்லாரையும் நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்வார்கள். அதுதான் வினை. "போட்டுக்கொடுத்தவன்" என்று அன்றைக்கே மாட்டுவான். தனித்தனியாகக் கேட்டு, தேதி போட்டு எழுதிவைக்கணும். யாருக்கு யார் ஜோடி என்று கோச்சே சொல்லிவிடணும். ஒற்றைப்படை வந்தால் மூன்று பேராக. இரண்டு வாரம் கழித்து அவனிடம் மறுபடி கேட்கணும், டீம் முன்னால் அல்ல.