யார் கழற்றச் சொன்னது?

அந்தக் கேள்வி அன்றைக்கு மூன்று முறை கேட்கப்பட்டது. மேலாளர் மாண்டரினில் கேட்டார், எனக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்த சக உரைபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். மூன்றும் ஒரே கேள்விதான் என்று கொள்கலன் அலுவலகத்தில் இருந்த ஐந்து பேரும் நம்பினோம். அந்த நம்பிக்கையில் எனக்கு இருந்த பங்கு எவ்வளவு என்பதை இன்னும் என்னால் முடிவுசெய்ய இயலவில்லை.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் கட்டுமானத் தளம் ஒன்றில், சாரத்தின் மேல்தட்டில் இருந்த தடுப்புக் கம்பியை, முறுக்குக் கம்பிக் கட்டுகளை உள்ளே இழுப்பதற்காக யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிறகு திரும்பப் பொருத்தவில்லை. ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்திலிருந்து ஓர் ஊழியர் விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். அவருடன் வேலை பார்த்த அறந்தாங்கிக்காரத் தம்பிதான் அன்று விசாரிக்கப்பட்டவர். விசாரித்த மேலாளர் சீனாவிலிருந்து வந்தவர். தமிழும் மாண்டரினும் நேரடியாகத் தெரிந்த ஒருவர் கிடைக்காததால், வழக்கம்போல் இருவரை அழைத்தார்கள். எங்கள் தொழிலில் இதை ‘ரிலே’ என்போம். என் சகா மாண்டரினுக்கும் ஆங்கிலத்துக்கும், நான் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும். பாதுகாப்பு அதிகாரி ஆங்கிலத்தில் குறிப்பெடுத்தார்.

மேலாளர் கேட்டது, “ஷெய் ராங் நீமன் ச்சாய் த?” என்பது. இது எனக்கு அப்போது வெறும் ஓசை. என் சகாவின் ஆங்கில வாக்கியத்தில் ‘லெட்’ என்ற வினைச்சொல் இருந்தது. அதாவது, யார் உங்களைக் கழற்ற விட்டார்கள். நான் அதைச் சற்றுச் செப்பமாக்கி, “தடுப்புக் கம்பியைக் கழற்ற உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார்?” என்றேன்.

தம்பி கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னார்: “அனுமதி யாரும் கொடுக்கல அக்கா. நாங்கதான் கழட்டினோம்.”

எவரும் அனுமதி தரவில்லை, நாங்களே கழற்றினோம் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னேன். அது மாண்டரினுக்குப் போனபோது ‘ட்ஸுஜி’ என்ற சொல் காதில் விழுந்தது. தன்னிச்சையாக, தானாக என்று அதற்குப் பொருள் என்பதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேலாளர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முழுப் பரிமாற்றமும் ஒரு நிமிடம்கூட இருக்காது.

விசாரணை முடிந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கையில் தம்பி என்னிடம் கேட்டார். “அக்கா, ஃபோர்மேன் கழட்டச் சொன்னாரான்னு அவங்க கேக்கவே இல்லையே? கேப்பாங்க, சொல்லலாம்னு இருந்தேன்.” நான் நின்றுவிட்டேன். “நீங்களே சொல்லியிருக்கலாமே” என்று என் வாய் சொன்னது. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு ஏஜென்ட் சொல்லியிருக்கார்” என்றார் அவர்.

அன்றிரவு என் சகாவைத் தொலைபேசியில் அழைத்து, மேலாளர் சொன்ன மூலச் சொல் என்ன என்று கேட்டேன். ‘ராங்’ என்றார். அந்த ஒரே சொல்லுக்கு ஒருவரைச் செய்ய விடுவது, செய்யச் சொல்வது, செய்ய வைப்பது ஆகிய மூன்று பொருளும் உண்டாம். எது என்பதைச் சூழல்தான் சொல்லும். “எனக்கு ரெண்டுமே தோணிச்சு. கோபமா கேட்ட மாதிரி இருந்ததால லெட்னு வச்சேன்” என்பது அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலம் அந்த இடத்தில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அவர் தேர்ந்தெடுத்தார். தமிழும் அப்படித்தான், கழற்ற விட்டது, கழற்றச் சொன்னது, கழற்ற வைத்தது ஆகிய மூன்றையும் மூடி வைக்கும் ஒரே வினை நம்மிடமும் இல்லை.

இங்கேதான் என் மனம் இரண்டாகப் பிரிகிறது. நேரடியாக மாண்டரினிலிருந்து தமிழுக்குப் பெயர்க்கும் ஒருவர் இருந்திருந்தாலும் அவரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும், அவரும் தவறியிருக்கலாம் என்று ஒரு பாதி சமாதானம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் அவருக்குத் தாம் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கும், ஐயம் வந்தால் கையை உயர்த்தி, “விட்டதா, சொன்னதா?” என்று மேலாளரைக் கேட்டிருப்பார். என்னிடம் வந்த ஆங்கில வாக்கியத்திலோ ஐயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. அது தெளிவாகவும் இலக்கணச் சுத்தமாகவும் இருந்தது. இடைமொழி வழியாக வரும் பிழையின் தன்மையே இதுதான்: மூலத்தில் இருந்த இரட்டைப் பொருள் நடுவில் தீர்க்கப்பட்டு, தீர்க்கப்பட்ட தழும்பு கூட இல்லாமல் நம் கைக்கு வருகிறது. திக்கித் திணறி வந்திருந்தால் நான் விழித்துக்கொண்டிருப்பேன்.

சகாவைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட முடியாது. ‘லெட்’ என்பதை நான் ஏன் ‘அனுமதி’ ஆக்கினேன்? ‘உங்களை யார் கழற்ற விட்டது’ என்று கேட்டிருந்தால், “ஃபோர்மேன்தான்” என்ற பதில் வந்திருக்க வாய்ப்புண்டு. சிங்கப்பூர்க் கட்டுமானத் தளத்தில் அனுமதி என்ற சொல்லுக்குத் தனி எடை இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் விழக்கூடிய உயரத்தில் வேலை தொடங்குவதற்கு முன் எழுத்தில் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பது விதி. ஊழியர்கள் அதைப் ‘பெர்மிட்’ என்பார்கள். தம்பியின் காதில் என் கேள்வி, கம்பியைக் கழற்ற யார் பெர்மிட் தந்தது என்று விழுந்திருக்கிறது. அப்படி ஒரு சீட்டு இல்லை. இல்லை என்று உண்மையைச் சொன்னார். விசாரணை அறையில் மரியாதையான சொல் வேண்டும் என்ற என் பழக்கம் சாதாரண வினைச்சொல்லை ஒரு சட்டச் சொல்லாக உயர்த்திவிட்டது.

அதைவிட எனக்கு உறுத்துவது ‘தான்’. “நாங்கதான் கழட்டினோம்” என்பதில் உள்ள ‘தான்’, கழற்றியது வேறு யாருமல்ல, நாங்களே என்று ஆளைச் சுட்டுகிறது. யார் சொல்லிச் செய்தார்கள் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. நான் ஆங்கிலத்தில் வைத்த சொல்லுக்கு இரண்டு வாசல்: ‘எங்கள் கையால்’ என்றும் எடுக்கலாம், ‘எங்கள் விருப்பத்தால்’ என்றும் எடுக்கலாம். மாண்டரினுக்குப் போகும்போது இரண்டாம் வாசல் மட்டும் திறந்திருந்தது. ஆக, கேள்வி போகும் வழியில் ஒருமுறை இறுகியது, பதில் திரும்பும் வழியில் இன்னொருமுறை இறுகியது, இரண்டும் தம்பிக்கு எதிரான பக்கமே சாய்ந்தன.

ரிலேயைப் பற்றிப் பேசும்போது எளிய கணக்கு ஒன்று சொல்வதுண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்கு ஒன்பது வாக்கியம் சரியாகப் போனால், இரண்டு கட்டத்தில் நூற்றுக்கு எண்பத்தொன்று தேறும். எனக்கு இந்தக் கணக்கில் முழு நம்பிக்கை இல்லை. சில வேளைகளில் முதல் கட்டப் பிழையை இரண்டாம் கட்டத்தில் இருப்பவர் சூழலை வைத்துச் சரிசெய்துவிடுவார். வேறு சில வேளைகளில், எங்களுக்கு நேர்ந்ததுபோல், ‘சரி’ என்று எண்ணப்படும் வாக்கியங்களே ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தவறாகிவிடும். எங்கள் இருவரின் பெயர்ப்பையும் தனித்தனியே ஒரு தேர்வாளர் திருத்தியிருந்தால் இருவருக்கும் மதிப்பெண் போட்டிருப்பார்.

வாக்குமூலம் படித்துக் காட்டப்படவில்லையா என்று கேட்கலாம். காட்டப்பட்டது. அதிகாரி எழுதிய ஆங்கிலத்தை நான் தமிழில் சொன்னேன், தம்பி “ஆமாம்” என்று கையெழுத்திட்டார். அவர் சொன்னதும் அதுதானே! அந்தச் சரிபார்ப்பு என் பாதியை மட்டுமே, அதையும் நான் போட்ட அதே தடத்தில்தான் சோதித்தது. மேலும், வாக்குமூலத்தில் பதில்கள் மட்டுமே இருந்தன, கேள்விகள் இல்லை. பிழை தொடங்கியது கேள்வியில்.

இரு முனையிலும் இருக்கும் வேறுபாடு நடுவில் மட்டும் காணாமற்போவது இதைவிடக் கசப்பானது. நமக்கு அண்ணன் வேறு, தம்பி வேறு, மாண்டரினிலும் அப்படியே. ஆங்கிலத்தில் இருவரும் ஒரே சொல்லுக்குள் போய், மறுபக்கம் வெளியே வருகையில் உரைபெயர்ப்பாளரின் ஊகப்படி மூத்தவராகவோ இளையவராகவோ மாறுகிறார்கள். முன்னிலையும் அப்படித்தான். மாண்டரினில் சாதாரண முன்னிலைச் சொல் ஏறக்குறைய நம் ‘நீ’ போலவே ஒலிக்கும். மரியாதை வடிவம் ‘நின்’. இவ்வளவு அருகில் நிற்கும் இரண்டு மொழிகள், நீயும் நீங்களும் ஒன்றாகிவிட்ட ஒரு மொழியின் வழியாகத்தான் கைகுலுக்க வேண்டியிருக்கிறது.

என் அப்பா தேக்காவில் சீனக் கடைக்காரரிடம் சந்தை மலாயில் பேசுவார். இருவருக்கும் அது சொந்த மொழி அல்ல. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் இருவரும் தாங்களே நடந்தார்கள்; ஒரு சொல் புரியாவிட்டால் முகத்திலேயே தெரியும், மீனைக் கையால் தொட்டுக் காட்டிவிடலாம். கொள்கலன் அலுவலகத்தில் மேலாளரின் முகம் சுளித்ததா என்று பார்த்து நான் என்ன தெரிந்துகொண்டிருக்க முடியும்? அவர் முகம் என் சகா சொன்ன வாக்கியத்துக்கு மாறியதே தவிர, தம்பி சொன்னதற்கு அல்ல.

மறுநாள் காலை, சகாவின் ஒப்புதலோடு, பாதுகாப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த ஒரு கேள்வி இரு பொருள்படக்கூடியது, மறுபடி கேட்க வேண்டும் என்று எழுதினேன். மறுபடி கேட்டார்கள். இந்த முறை மூலச் சொல்லை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். “கழற்றச் சொன்னது யார்?” என்றேன், “ஃபோர்மேன்” என்றார் தம்பி. ஃபோர்மேன் மறுத்தார். அறிக்கையில் முதல் வாக்கியம் அப்படியே நின்றது. கீழே, சாட்சி பின்னர் வேறுவிதமாகக் கூறினார் என்று ஒரு பத்தி சேர்க்கப்பட்டது. மின்னஞ்சல் பற்றி அதில் எதுவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்துத் தம்பி அழைத்தார். “முதல்ல ஒண்ணு சொல்லிட்டு இப்ப மாத்திச் சொல்றேன்னு எல்லாரும் சொல்றாங்க அக்கா. நான் எப்ப மாத்தினேன்?” நீங்கள் மாற்றவில்லை என்றேன். நான் மின்னஞ்சல் அனுப்பாமல் இருந்திருந்தால் அவர் பெர்மிட் இல்லாமல் கழற்றியவர் என்று மட்டும் இருந்திருப்பார். அனுப்பியதால் பேச்சு மாற்றுகிறவரும் ஆகிவிட்டார். எது குறைந்த கெடுதல் என்று எடைபோட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு நாளும் தட்டு வேறு பக்கம் இறங்குகிறது.

வாக்குமூலப் படிவத்தின் தலைப்பில் ‘மொழி’ என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அன்று அதில் ‘தமிழ்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள், நானும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். இப்போதெல்லாம் ‘மாண்டரின், ஆங்கிலம், தமிழ்’ என்று மூன்றையும் எழுதச் சொல்கிறேன். கட்டத்தில் இடம் போதவில்லை என்று அதிகாரிகள் சலித்துக்கொள்கிறார்கள்; ஓரத்தில் எழுதுங்கள் என்கிறேன்.