வெப்பக் கணக்குகளை அட்டவணை போட்டுச் செய்தல்

உயர்தரப் பௌதிகவியல் வினாத்தாளின் கட்டுரைப் பகுதியில் 10(A) பெரும்பாலும் வெப்பமாகத்தான் வரும். யாழ்ப்பாணத்தில் மாலை நேரங்களில் உயர்தர மாணவர்கள் சிலரோடு இருந்து பழைய வினாத்தாள்கள் செய்து வருகிறேன். அவர்களின் கொப்பிகளில் திரும்பத் திரும்பக் காண்பது ஒன்றுதான். Q = mcθ தெரியாமல் யாரும் பிழை விடுவதில்லை. ஏதோ ஒரு பொருளோ, ஒரு கட்டமோ சமன்பாட்டுக்குள் வராமல் போய்விடுகிறது. ஒரே வரியில் "இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்" என்று எழுதத் தொடங்கினால் அது தவறிப்போனது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சமன்பாட்டுக்கு முன் அட்டவணை போடச் சொல்கிறேன்.

விதி இதுதான்: ஒரு வரிசையில் ஒரு பொருள், அதற்கு ஒரு மாற்றம். பனிக்கட்டி உருகுவது ஒரு வரிசை, உருகி வந்த நீர் சூடாவது இன்னொரு வரிசை. வெப்பநிலை வித்தியாசத்தை எப்போதும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து எழுதுங்கள். சக, சய எல்லாவற்றையும் கடைசி நிரல் பார்த்துக்கொள்ளும்.

பனிக்கட்டியின் உருகலின் தன் மறைவெப்பத்தைக் காணும் பரிசோதனையை எடுப்போம். அறை வெப்பநிலை 30 °C. கலக்கியோடு சேர்த்து 100 g செப்புக் கலோரிமானி, அதில் 35 °C இல் 200 g நீர். 0 °C பனிக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கலக்க, வெப்பநிலை 25 °C க்கு இறங்குகிறது. திரும்ப நிறுத்தால் திணிவு 20 g கூடியிருக்கிறது. செம்புக்கு 400, நீருக்கு 4200 J kg⁻¹ K⁻¹ என்று வைப்போம்.

| பொருள் | மாற்றம் | வெப்பம் (J) | பக்கம் |
|---|---|---|---|
| கலோரிமானி, கலக்கி | 35 → 25 °C | 0.100 × 400 × 10 = 400 | இழப்பு |
| நீர் | 35 → 25 °C | 0.200 × 4200 × 10 = 8400 | இழப்பு |
| பனிக்கட்டி | 0 °C இல் உருகல் | 0.020 × L | பெறுதல் |
| உருகிய நீர் | 0 → 25 °C | 0.020 × 4200 × 25 = 2100 | பெறுதல் |

8800 = 0.020 L + 2100. L = 3.35 × 10⁵ J kg⁻¹.

இப்போது ஒவ்வொரு வரிசையாக மறைத்துப் பாருங்கள். நாலாவது வரிசையை விட்டால் விடை 4.4 × 10⁵ ஆகிவிடும். முதலாவதை விட்டால் 3.15 × 10⁵. நூலில் உள்ள பெறுமானம் ஏறத்தாழ 3.3 × 10⁵ என்பது நினைவில் இருந்தால், விடை எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்தே தவறிய வரிசையைப் பிடித்துவிடலாம்.

செய்முறை பற்றிய கேள்விகளுக்கும் இதே அட்டவணைதான் விடை தருகிறது. பனிக்கட்டியை ஏன் ஒற்றுத்தாளால் துடைக்க வேண்டும்? கூடிய 20 g இல் 2 g ஏற்கனவே நீராக ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், மூன்றாவது வரிசையில் உண்மையாக உருகியது 18 g தான். நாம் 20 g என்று எழுதுவதால் L பத்து வீதம் குறைந்து, 3.0 × 10⁵ ஐ ஒட்டி வரும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே போட்டால் பனிக்கட்டி 0 °C க்குக் கீழே இருக்கும். அதற்கு அட்டவணையில் ஐந்தாவது வரிசை வேண்டும். அதனால்தான் மேற்பரப்பு உருகத் தொடங்கும்வரை வெளியே விட்டு, பிறகு துடைத்துப் போடுகிறோம்.

அறை வெப்பநிலைக்கு 5 பாகை மேலே தொடங்கி 5 பாகை கீழே முடிப்பது, முதல் பாதியில் சூழலுக்கு இழந்ததைப் பின்பாதியில் ஓரளவு திரும்பப் பெறுவதற்காக. இதை எல்லாரும் எழுதுகிறார்கள். பலர் எழுதாமல் விடுவது பனிபடுநிலையை. யாழ்ப்பாணத்துக் காற்றில் ஈரம் கூடிய நாட்களில் பனிபடுநிலை 24, 25 °C ஐ நெருங்கிவிடும். கலோரிமானி அதற்குக் கீழே குளிர்ந்தால் வெளிப்புறத்தில் பனி படியும். 0.1 g படிந்தாலே 240 J போல வெப்பம் வெளிவரும், பெரும்பகுதி கலோரிமானிக்குள் போகும். முதல் வரிசையின் 400 J ஓடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை இல்லை. அதோடு படிந்த நீரும் நிறுவையில் பனிக்கட்டியின் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டும் L ஐக் குறைக்கும் பக்கம்தான் இழுக்கின்றன. அப்படியான நாளில் 33 °C இல் தொடங்கி 27 °C இல் நிறுத்துவதே நல்லது.

அடுத்து, கட்டுரை வினாக்களில் அதிகம் ஏமாற்றும் இடம். அதே கலோரிமானியில் 35 °C நீர் 200 g இருக்க, −10 °C பனிக்கட்டி 200 g போடுகிறோம் என்று வரும். இறுதி வெப்பநிலை θ என்று வைத்து எல்லா வரிசையும் ஒழுங்காக எழுதித் தீர்த்தாலும் (பனிக்கட்டிக்கு 2100 J kg⁻¹ K⁻¹, L = 3.36 × 10⁵) θ = −23.6 °C என்று வரும். போட்ட பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த நீரா? கணிதத்தில் பிழை இல்லை. பனிக்கட்டி முழுவதும் உருகும் என்று எடுத்ததுதான் பிழை.

எனவே தீர்க்க முதல் இரண்டு தொகைகளைப் பாருங்கள். கலோரிமானியும் நீரும் 0 °C வரை இறங்கினால் தரக்கூடியது 880 × 35 = 30 800 J. பனிக்கட்டி 0 °C க்கு வர 4200 J வேண்டும், அது இருக்கிறது. முழுவதும் உருக இன்னும் 67 200 J வேண்டும், அது இல்லை. மிஞ்சிய 26 600 J ஐ L ஆல் வகுத்தால் 79 g மட்டும் உருகும். இறுதி வெப்பநிலை 0 °C, 121 g பனிக்கட்டி மிதந்துகொண்டிருக்கும். சரி, θ என்ற எழுத்தே தேவைப்படவில்லை.

மூலக்கூற்று இயக்கப்பண்புக் கொள்கையில் வாயுக்கள் கலக்கும் கணக்குக்கும் இதே அட்டவணை உதவும். வெப்பக் காவலிடப்பட்ட, கனவளவு மாறாத இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் 27 °C இல் 2 mol ஈலியம், மற்றதில் 327 °C இல் 1 mol. இணைக்கும் வால்வைத் திறக்கிறோம். வெளியே வேலையும் இல்லை, வெப்பமும் இல்லை. ஆகவே மூலக்கூறுகளின் மொத்த இயக்கசக்தி மாறாது. ஓரணு வாயு என்பதால் ஒரு மூலுக்கு (3/2)RT. முதல் வரிசை: 2 × (3/2)R × (T − 300), பெறுதல். இரண்டாவது: 1 × (3/2)R × (600 − T), இழப்பு. T = 400 K. இரு பக்கமும் 300R.

இந்தச் சமநிலையைச் செல்சியசில் செய்தாலும் 127 °C என்று சரியாகவே வரும், ஏனென்றால் வித்தியாசங்கள் மட்டுமே இருக்கின்றன. அந்தத் துணிவில் அடுத்த உபபகுதிக்குள் செல்சியசோடு போய்விடுவார்கள். முதற் பாத்திரத்து வாயுவின் வர்க்க இடைமூலக் கதி எத்தனை மடங்காகிறது என்று கேட்டால் அது √(400/300) = 1.15 மடங்கு. √(127/27) என்று எழுதினால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். இன்னொன்று, இரு வாயுக்களின் கதிகளுக்குச் சராசரி எடுத்து இறுதிக் கதியைக் காண முடியாது. காக்கப்படுவது சக்தி, அது கதியின் வர்க்கத்தோடு போவது. சராசரி எடுப்பதென்றால் வர்க்கங்களுக்கு, அதுவும் மூல் எண்ணிக்கையால் நிறையிட்டு எடுக்க வேண்டும். (2 × 300 + 1 × 600)/3 என்று மேலே செய்தது உண்மையில் அதைத்தான்.