ஐ.என்.ஆர். திடீரென்று 5.4: வார்ஃபரின் அளவு எப்படி மாற்றப்படுகிறது

வார்ஃபரின், ரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் மாத்திரை. அதைப் போடுபவரின் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். இதற்கான பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. காலை டிபன் முடித்துவிட்டே ரத்தம் கொடுக்கலாம். மாத்திரையை மட்டும் மாலையிலோ இரவிலோ போடச் சொல்வோம். காலையில் கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் அதற்குள் வந்துவிட்டால் அன்றைய மாத்திரையையே கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ முடியும்.

ரத்தம் எடுக்கும் நீல மூடிக் குழாயில் 0.3 மில்லி சோடியம் சிட்ரேட் இருக்கும். அதில் 2.7 மில்லி ரத்தம் சேர வேண்டும். குழாயிலேயே ரத்தம் உறைந்துவிடாதபடி சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. லேபில் பிளாஸ்மாவைப் பிரித்து, உறைதலைத் தூண்டும் த்ரோம்போபிளாஸ்டினையும் கால்சியத்தையும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். அந்த நொடிக் கணக்குதான் பி.டி. நரம்பு கிடைக்காமல் குழாய் பாதியிலேயே நின்றுவிட்டால், மிச்ச சிட்ரேட் புதிதாகச் சேர்த்த கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உண்மையில் இருப்பதைவிட மெல்லியதாகத் தெரியும். குழாயில் இருக்கும் கோடு வரை ரத்தம் ஏறியதா என்று நோயாளியே ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம், தவறில்லை.

நொடிக் கணக்கை மட்டும் வைத்து இரண்டு லேப் ரிப்போர்ட்டுகளை ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு த்ரோம்போபிளாஸ்டினுக்கும் ஒரு வேகம் உண்டு. அதைச் சரிக்கட்டும் எண்தான் ஐ.எஸ்.ஐ.

```
INR = (PT / MNPT)^ISI
```

எம்.என்.பி.டி. என்பது மருந்து சாப்பிடாதவர்களின் சராசரி நொடி. அது இரண்டு லேபிலும் 12 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 30 நொடி, ஐ.எஸ்.ஐ. 1.1; இன்னொன்றில் 26 நொடி, ஐ.எஸ்.ஐ. 1.3. இரண்டுக்கும் ஐ.என்.ஆர். 2.7தான் வரும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்கு வழக்கமான இலக்கு 2.5 முதல் 3.5 வரை. இதயம் சீரற்றுத் துடிப்பவருக்கும் கால் நரம்பில் ரத்தக்கட்டி வந்தவருக்கும் 2 முதல் 3. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பயன் இல்லை.

மைட்ரல் வால்வு வைத்த ஒருவர் தினம் 5 மி.கி. வார்ஃபரின் எடுக்கிறார், வாரத்துக்கு 35 மி.கி. பல மாதமாக 2.9 அருகிலேயே நின்றவருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் வாங்கி ஐந்து நாள் போடுகிறார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், ஐ.என்.ஆர். 5.4. கல்லீரல் வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுவதை அந்த மருந்து தடுத்துவிட்டது. சரியாகச் சாப்பிடாததால் ரத்தம் உறைய உதவும், உணவிலிருந்து வரும் வைட்டமின் கே-யும் குறைந்துபோனது.

வேறு ரத்தக்கசிவு இல்லாததால் டாக்டர் இரண்டு இரவு மாத்திரையை நிறுத்துகிறார். ஐ.என்.ஆர். 3.4க்கு இறங்கியதும் பழைய 5 மி.கி.யையே தொடரச் சொல்கிறார். பலருக்கும் இங்கேதான் குழப்பம்: "அவ்வளவு ஏறிடுச்சே, இனிமே 3 மி.கி. போதாதா?" போதாது. ஏற்றிவிட்ட மருந்து நின்றுவிட்டது. வாரத்துக்கு 21 மி.கி. என்று இறக்கினால் சில நாளில் எண் 2க்கும் கீழே போய், வால்வில் ரத்தம் உறையும் ஆபத்து வரும். கருப்பாக மலம் போனாலோ தலையில் அடிபட்டாலோ கதை வேறு. எண் எதுவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

காரணம் ஏதும் இல்லாமல் இரண்டு முறை தொடர்ந்து 2.1 வந்தால்தான் அளவையே மாற்றுவார்கள், அதுவும் வாரக் கணக்கில். 35ஐ 37.5 ஆக்க, ஒரு நாள் மட்டும் ஒன்றரை மாத்திரை. பெரும்பாலும் வார அளவில் 5 முதல் 20 சதவீதத்துக்குள்தான் மாற்றம் இருக்கும். மறுநாளே பரிசோதித்தால் பலன் தெரியாது. வார்ஃபரின், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான உறைதல் காரணிகள் புதிதாக உருவாவதைத் தடுக்குமே தவிர, ரத்தத்தில் ஏற்கெனவே ஓடுபவற்றைத் தொடாது. ஏழாம் காரணி சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். இரண்டாம் காரணிக்கு இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். இன்றைய எண் கடந்த சில நாள் மாத்திரைகளின் கணக்கு. மாற்றம் நிலைப்பட ஒரு வாரம் வரை ஆகலாம்.

கூட்டுவதற்கு முன் டாக்டர் கேட்பவை: மாத்திரை ஏதும் விட்டுப்போனதா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினார்களா, வைட்டமின் கே நிறைந்த முருங்கைக்கீரை திடீரென்று தினமும் சாப்பாட்டில் வருகிறதா. கீரையை விட வேண்டாம்; வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும். மறந்துபோன மாத்திரைக்கு அளவைக் கூட்டினால், ஒழுங்காகப் போடும் வாரத்தில் எண் எகிறும்.

வார்ஃபரினுக்குப் பதிலாகக் கடையில் அசினோகூமரால் கொடுத்தால் வாங்காதீர்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் மி.கி. கணக்கு ஒன்றல்ல. புது அட்டை வாங்கும்போதெல்லாம் மருந்தின் பெயரையும் மி.கி.யையும் பழைய அட்டையோடு வைத்துப் பாருங்கள்.