ரிவ்யூ படித்துவிட்டுப் போங்கள்

ஓட்டல்களுக்கு பில்லிங் மென்பொருள் விற்பவன் நான். புதுக் கடைக்குப் போகுமுன் கூகுள் மேப்பில் அதன் ரிவ்யூக்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிப் படிப்பேன். ஐந்து ஸ்டாரில் ‘சூப்பர்’தான் இருக்கும். ஒரு ஸ்டாரில் பாதி கோபம். விஷயம் கிடைப்பது இரண்டு, மூன்று ஸ்டாரில்.

அண்ணா நகர் பக்கம் ஒரு பிரியாணிக் கடை. ‘ருசி ஓகே, பார்சலில் சால்னா இல்லை’, ‘ஞாயிற்றுக்கிழமை வாங்கினேன், முட்டையை விட்டுவிட்டார்கள்’. வேறு வேறு ஆட்கள், எல்லாம் சமீபத்தில் எழுதியவை. ஒருவர் மட்டும் சொன்னால் விட்டுவிடுவேன். பழைய புகாராக இருந்தாலும் அப்படித்தான், அதற்குள் சரிசெய்திருப்பார்கள். பார்க்கிங் இல்லை என்றும் பலர் எழுதியிருந்தார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, பேசவும் இல்லை.

ரிவ்யூவை முதலாளியிடம் நீட்டினால் கடையைக் குறை சொல்ல வந்தவன் ஆகிவிடுவோம். அதனால் இப்படிக் கேட்டேன்: “அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல பார்சல் கட்டுறவருக்கு என்னென்ன வைக்கணும்னு எப்படித் தெரியுது?”

“வாயாலதான் சொல்லுவோம் தம்பி. ஏன்?”

ஒவ்வொரு பார்சலுக்கும் அயிட்டம் வாரியாகச் சீட்டு அடித்து, பையிலேயே ஒட்டுவதைக் காட்டினேன். மற்ற வசதிகளை அவர் கேட்கவே இல்லை. சீட்டு ரோல் என்ன விலை என்றுதான் கேட்டார்.