குளிசையைக் கால்வாசியாக வெட்டிய மாதங்கள்

கணவர் இறந்த பிறகு வந்த பதட்டத்துக்கு இரவில் அல்பிரசோலாம் என்ற குளிசை 0.5 மில்லிகிராம் போட்டுத்தான் படுப்பேன். ஆறு வருடம் அப்படியே போனது. ஒருநாள் குளிசை முடிந்தது. சரி, இதோடு விட்டுவிடுவோம் என்று நினைத்தேன்.

முதல் இரவு நித்திரை வரவில்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க, அது தட்டில் கடகடவென்று அடித்தது. சட்டை வியர்வையில் நனைந்தது. உவர்மலையில் எங்கள் வீதியால் போகும் ஓட்டோச் சத்தம்கூடக் காதுக்குள் குத்தியது. பழைய பதட்டம் திரும்பிவிட்டது, இனி சாகும்வரை குளிசைதான் என்று அழுதேன். மகன் டொக்டரிடம் கூட்டிப்போனான்.

"அம்மா, இது பழைய வருத்தமில்லை, குளிசையைச் சட்டென்று விட்டதால் வந்தது" என்றார் அவர். மூளையை அமைதிப்படுத்தும் வேலையை இத்தனை வருடம் குளிசை செய்ததால், மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிட்டதாம். குளிசை திடீரென்று நின்றால் பிடிக்க எதுவும் இல்லை. சிலருக்கு வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைக் கேட்டபோதுதான் உண்மையில் பயந்தேன்.

அன்றிரவே பழைய அளவைத் திரும்பப் போடச் சொன்னார். நடுக்கம் அடங்கியது. அப்புறம் அதே வகைக் குளிசையான டயசிபாமுக்கு மாற்றினார். அல்பிரசோலாம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், டயசிபாம் நாள்கணக்கில் மெல்லக் குறையும், அதனால் ஏற்ற இறக்கம் தெரியாது. ஒரு கிழமை பாதி அல்பிரசோலாம், பாதி டயசிபாம், பிறகு முழுவதும் டயசிபாம் 10 மில்லிகிராம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் குறைத்து 5க்கு வந்தோம். அங்கிருந்து 0.5 ஆகத்தான் குறைத்தோம். இது எனக்குப் போட்ட கணக்கு; வேறு குளிசை, வேறு அளவு என்றால் டொக்டர் வேறு கணக்குப் போடுவார்.

மேலே இருந்து இறங்கியது லேசு. கீழேதான் கஷ்டம். 2இலிருந்து 1.5க்கு வருவதும் அதே அரை மில்லிகிராம்தான், ஆனால் இருந்ததில் கால்வாசி போய்விடுகிறது. அதனால் அந்தக் கட்டத்தில் மாதத்துக்கு ஒரு படி. 2 மில்லிகிராம் குளிசையைப் பிளேட்டால் நாலாக வெட்டி, பொடிந்ததைக் கடதாசியில் சேர்த்து வைப்பேன். 1.5இல் நாலு இரவு நெஞ்சு படபடத்தது. கூட்டிப் போடட்டுமா என்று டொக்டரிடம் கேட்டேன். "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அதே அளவில் நில்லுங்கள்" என்றார். மேலும் இரண்டு கிழமை நின்றேன், அடங்கியது.

எல்லாமாகப் பத்து மாதம் ஆனது. கடைசித் துண்டை விட்ட பிறகும் கொஞ்ச நாள் நித்திரை விட்டுவிட்டுத்தான் வந்தது. இப்போது மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எழும்பிக் கொஞ்சத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுக்கிறேன். அநேகமான நாள்களில் விடியும்வரை நித்திரை வந்துவிடுகிறது.