வெற்று முற்றத்துப் படத்தில் மரம் நட்டுப் பார்த்தது

மதுரைப் பக்கம் கட்டிய புது வீட்டின் முன்னால் 30 அடி அகலமும் 20 அடி ஆழமுமாக ஒரு வெற்று முற்றம் கிடக்கிறது. தெற்குப் பார்த்த வாசல். காம்பவுண்டுச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. மழைத்தண்ணீர் தேங்கக் கூடாது என்று கிராவல் அடித்து ரோட்டைவிட உயர்த்தியிருக்கிறோம். ஒரு சரக்கொன்றை, ஒரு பவழமல்லி, ஒரு வட்டப் பூப்பாத்தி என்று திட்டம் மனசில் இருந்தது. குழி தோண்டுவதற்கு முன்னால் அது எப்படி இருக்கும் என்று வீட்டின் புகைப்படத்திலேயே வைத்துப் பார்த்துவிட நினைத்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஜிம்ப் மென்பொருளில் செய்தேன். படலங்களை அடுக்கத் தெரிந்தால் எதில் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம்.

முதல் ஞாயிறு

எதிர்ச் சாரியில் முக்காலி போட்டு, ரோட்டிலிருந்து 5 அடி உயரத்தில் போனை வைத்து எடுத்தேன். அகலக்கோண லென்ஸ் வேண்டாம். அது ஓரங்களை இழுத்துவிடும், ஓரத்தில் நிற்கும் மரம் குண்டாகத் தெரியும். சாதாரண 1x போதும். படம் 4000க்கு 3000 பிக்சல்.

மரப் படத்தை ஒட்டுவது பெரிய வேலை இல்லை. எந்த அளவில் ஒட்டுவது என்பதுதான் கேள்வி. கண்ணளவில் இழுத்து வைத்தால் நம் ஆசைதான் படத்தில் தெரியும், மரம் தெரியாது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சமதரையில் நிற்கும் எந்தப் பொருளையும் தொடுவானக் கோடு கேமராவின் உயரத்தில்தான் வெட்டும். கேமரா 5 அடியில் இருந்தால், கிட்டத்தில் நிற்கும் மரமானாலும் எட்டத்தில் நிற்கும் மரமானாலும் அதன் அடியிலிருந்து அந்தக் கோடு வரை 5 அடி. ஆகவே மரத்தின் அடி படத்தின் எந்தப் பிக்சல் வரிசையில் வரப்போகிறது என்று முடிவு செய்துவிட்டால், அங்கே ஓர் அடிக்கு எத்தனை பிக்சல் என்பது கிடைத்துவிடும்.

தொடுவானக் கோட்டைக் கண்டுபிடிக்க, போர்டிகோவின் பக்கவாட்டில் பின்னோக்கி ஓடும் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நீட்டினேன். இரண்டும் சேர்ந்த இடம் மேலிருந்து 1400ஆவது வரிசை. சரக்கொன்றையின் அடி 1820ஆவது வரிசையில் வருகிறது. இடைவெளி 420 பிக்சல், அதாவது 5 அடி. ஓர் அடிக்கு 84. நாலைந்து வருஷத்தில் எதிர்பார்க்கும் 12 அடி மரத்துக்கு ஏறக்குறைய 1000 பிக்சல். வைத்தேன். பவழமல்லியை வீட்டுச் சுவருக்கு 3 அடி முன்னால், அடி 1680இல் வரும்படி வைத்தேன். படம் அழகாக இருந்தது. முற்றம் தாராளமாகத் தெரிந்தது. இன்னொரு மரத்துக்குக்கூட இடம் இருப்பதுபோல் பட்டது.

இரண்டாவது ஞாயிறு

நிழலுக்காக ஓர் அளவுக்குச்சி வேண்டியிருந்தது. 6 அடி பிவிசி குழாயில் அடிக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டினேன். முக்காலியின் கால்கள் நின்ற இடங்களில் போன வாரமே பெயிண்டால் புள்ளி வைத்திருந்ததால், அதே இடத்திலிருந்து மறுபடி எடுக்க முடிந்தது. தம்பி குழாயைப் பிடித்துக்கொண்டு சரக்கொன்றை வரும் இடத்தில் ஒரு தடவை, பவழமல்லி வரும் இடத்தில் ஒரு தடவை நின்றான்.

அந்தப் படத்தைப் படலமாக மேலே போட்டதும் எனக்குத் திக்கென்றது. 8 அடிப் பவழமல்லி 6 அடிக் குழாயைவிடக் குட்டையாக நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் குழாயின் டேப்புகளை எண்ணினேன். தொடுவானக் கோடு ஐந்தாவது டேப்பில் ஓட வேண்டும். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஓடியது. கேமரா 5 அடி உயரத்தில் இருந்தது உண்மை, ஆனால் ரோட்டிலிருந்து. முற்றம் ரோட்டைவிட ஒன்றரை அடி உயரம். மரம் நிற்கப்போகும் தரையிலிருந்து பார்த்தால் கேமராவின் உயரம் 3½ அடிதான். நானே நின்று கிராவல் அடித்த மண், அதை மறந்துபோனேன்.

சரிசெய்த கணக்கு இப்படி:

```
சரக்கொன்றை : 1820 - 1400 = 420 ; 420 / 3.5 = 120 பிக்சல்/அடி
             12 அடி x 120 = 1440 பிக்சல்
பவழமல்லி   : 1680 - 1400 = 280 ; 280 / 3.5 = 80 பிக்சல்/அடி
              8 அடி x 80  = 640 பிக்சல்
```

1000 பிக்சல் மரம் 1440 ஆனதும் முற்றத்தின் முகமே மாறிவிட்டது. தாராளம் எல்லாம் போயிற்று. இன்னொரு மரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பழைய படத்தை நம்பி மூன்று கன்று வாங்கியிருந்தால், சில வருஷத்தில் ஒன்றை வெட்ட வேண்டி வந்திருக்கும். வீட்டுமனை ரோட்டைவிட மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால், மரம் வரும் இடத்தில் ஓர் அளவுக்குச்சியை நிறுத்திக் கட்டாயம் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கணக்கு எங்கே தப்பினாலும் குச்சி காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது ஞாயிறு

மரத்தின் படத்துக்கு நான் இணையத்தில் தேடவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு சரக்கொன்றை இருக்கிறது. வீட்டை எடுத்த அதே காலை 9.30 மணிக்கு, வெயில் வலப்பக்கத்திலிருந்து விழும்படி நின்று, பின்னால் வெறும் வானம் இருக்குமாறு அதை எடுத்தேன். வெயில் எதிர்ப்பக்கம் விழுந்த படமே கையில் இருந்தால் இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாம். உச்சி வெயிலில் எடுத்த மரத்தைக் காலை வெயில் வீட்டில் வைத்தால் மட்டும் எதுவும் உதவாது, ஒட்டவே ஒட்டாது.

ஜிம்பில் `Open as Layers` கொடுத்து மரத்தை உள்ளே கொண்டுவந்து, `Color to Alpha` மூலம் வானத்து நீலத்தை எடுத்துவிட்டேன். இலை இலையாக வெட்டிக்கொண்டிருந்தால் நாள் போதாது. இப்படி எடுக்கும்போது இலைகளும் கொஞ்சம் ஊடுதெரியும்படி ஆகிவிடுகின்றன. பின்னாலிருக்கும் ஜன்னல் கம்பி கிளைக்கூட்டத்துக்குள்ளே தெரிந்தால் அதுதான் காரணம். மரத்தின் படலத்தை நகலெடுத்து அதன்மேலேயே போட்டதும் இலைகள் கெட்டியாகிவிட்டன.

நிழலுக்கு வருகிறேன். நிழல் இல்லாத மரம் காற்றில் தொங்கும். பங்குனிக் கடைசி, காலை 9.30க்கு எங்கள் ஊரில் 6 அடிக் குழாயின் நிழலும் ஏறக்குறைய 6 அடிதான் இருந்தது. சூரியன் கிழக்கே, நான் வடக்கே பார்த்து எடுக்கிறேன். ஆகவே நிழல் அநேகமாக நேர் இடப்பக்கமாக விழுகிறது. பக்கவாட்டில் விழும் நிழலுக்கும் மரத்துக்கும் ஒரே பிக்சல் கணக்குப் போதும். 12 அடி மரம், 12 அடி நிழல், இரண்டும் 1440 பிக்சல். மரத்தின் நகலை இடப்பக்கம் படுக்கவைத்து, சாம்பல் கலந்த பழுப்பு நிரப்பி, `Multiply` முறையில் வைத்தேன். கறுப்பு நிரப்பினால் கீழே இருக்கும் கிராவல் கல் மறைந்து, தார் ஊற்றியதுபோல் ஆகிவிடும். குழாயின் நிழல் எவ்வளவு கருமையோ அவ்வளவுக்கு வரும்வரை குறைத்தேன்.

படுத்த நிழலை மேல்கீழாக எவ்வளவு ஒடுக்குவது? இதற்குப் பதில் பூப்பாத்தியிடமிருந்து கிடைத்தது.

வட்டப் பாத்தியைக் கணினியில் வரையாமல் தரையிலேயே போட்டிருந்தேன். நடுவில் ஒரு ஆணி, 3 அடிக் கயிறு, கையில் கோலமாவு. அம்மாதான் போட்டுக்கொடுத்தார்கள், நான் போட்டால் கோடு வளைந்துபோகும். 6 அடி விட்டமுள்ள அந்த வட்டம் படத்தில் 720 பிக்சல் அகலத்திலும் ஏறக்குறைய 105 பிக்சல் உயரத்திலும் ஒரு மெல்லிய நீள்வட்டமாக விழுந்திருந்தது. அந்த இடத்தில் தரை ஏழில் ஒரு பங்காக ஒடுங்குகிறது என்று கேமராவே சொல்லிவிட்டது. வட்டமும் மரமும் ரோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் நிழலையும் அதே ஏழில் ஒன்றாக ஒடுக்கினேன். மரம் மண்ணில் இறங்கி நின்றது. அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "சருகு எல்லாம் நம்ம வாசல்லதானே விழும்?" என்றார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

நாலாவது ஞாயிறு

அந்த 105 பிக்சல்தான் பிறகு என்னை வாட்டியது. நான் ஆசைப்பட்ட வட்டப் பாத்தி, ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு கோடு. பாத்தி முழுக்க இட்லிப்பூவை ஒரே உயரத்தில் வைத்துப் பார்த்தேன். முன்வரிசையின் சிவப்பு நன்றாகத் தெரிந்தது. பின்னால் இருந்ததெல்லாம் மேலே ஒரு சிவப்பு ரேகை, அவ்வளவுதான். வட்டம் என்ற அடையாளமே இல்லை. மொட்டைமாடியிலிருந்து ஒரு படம் எடுத்து அதிலும் வைத்தேன். அங்கிருந்து அது அழகான வட்டம். ஆனால் மாடியில் துணி காயப்போடும் நேரம் தவிர யார் நின்று பார்க்கப்போகிறார்கள்?

ஆகவே வட்டத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு நீளப் பாத்தி. பின்னால் 5 அடி நந்தியாவட்டை, நடுவில் 3 அடி இட்லிப்பூ, முன்னால் ஒன்றரை அடி கனகாம்பரம். பின்வரிசையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு செடியையும் அதன் அடி வரிசைக்குரிய கணக்கில் வைத்துக்கொண்டே முன்னால் வந்தேன். நந்தியாவட்டை தொடுவானக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி எழுகிறது. கனகாம்பரம் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. இப்போது ரோட்டிலிருந்து பார்த்தால் வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் படிப்படியாகத் தெரிகின்றன.

ஒரே செடிப் படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் கண் உடனே பிடித்துவிடும். இட்லிப்பூவுக்கு மூன்று படம் எடுத்து, திருப்பியும் சற்றுச் சிறிதாக்கியும் மாற்றி மாற்றி வைத்தேன்.

சரக்கொன்றையின் இடமும் மாறியது. பங்குனி மாலை 4 மணிக்கு எடுத்த படத்தில் நிழலை வலப்பக்கம் போட்டுப் பார்த்தபோது, மரம் மேற்கு மூலையில் நின்றால் கார் நிறுத்தும் இடத்தில் நிழல் விழுவது தெரிந்தது. நடுவில் நின்றால் நிழல் கிழக்கே வெறும் மண்ணுக்குப் போகிறது. இந்தப் படம் பங்குனிக்கு மட்டும்தான் பொருந்தும். மார்கழியில் சூரியன் தெற்கே போவதால் நிழல் வீட்டுப் பக்கம் சாயும். ஆனியில் எங்கள் ஊருக்குச் சூரியன் வடக்கே இருக்கும். நிழல் ரோட்டுப் பக்கம் போய்விடும். மார்கழியிலும் ஆனியிலும் குழாயை நட்டு எடுத்தால்தான் மீதி தெரியும். மூலைக்குழிக்கு மட்டும் இப்போதே கோலமாவில் அடையாளம் வைத்தாயிற்று. தோண்டுகிறவர் புதன்கிழமை வருகிறார்.